வேலைக்கு அனுப்பிய மடலில் என் ரெஸ்யூமுக்குப் பதில் தங்கச்சி ரெஸ்யூம் போய்விட்டது: திருத்தி அனுப்புவது எப்படி?

கோவை கணக்கு | 11 ஆகஸ்ட் 2025, இரவு 11.05

இன்னைக்கு மாச விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் பண்ண கடைசி நாள். ஆபீஸில் எட்டரை வரைக்கும் அதிலேயே இருந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டு, ஒரு வாரமா தள்ளிப்போட்ட விண்ணப்பத்தை போனிலிருந்தே அனுப்பினேன். திருப்பூர்ல ஒரு ஏற்றுமதி நிறுவனம், சீனியர் அக்கவுண்டன்ட் வேலை. மடல் 9.40-க்குப் போச்சு.

பத்தரைக்குத் திறந்து பார்த்தா இணைப்பில் இருக்கிறது என் பெரியம்மா மகளோட ரெஸ்யூம். இந்த வருஷம்தான் பி.காம் முடிச்சவ. திருத்திக் கொடுங்கக்கான்னு சனிக்கிழமை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தா. கோப்புப் பெயர் `DOC-20250809-WA0014.pdf`. என்னோடதையும் எனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி வெச்சிருந்தேன், அதுவும் DOC-இல் தொடங்கி எண்ணில் முடியுற பெயர். அவளுக்கு என் மாதிரிக் கோப்பைத்தான் கொடுத்திருந்தேன். மேலே அதே நீலக்கோடு, அதே எழுத்து. போன் திரையில் கட்டைவிரல் அளவுப் படத்தில் ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது.

மடலில் ஆறு வருட அனுபவம்னு எழுதியிருக்கேன். இணைப்பில் 2025-இல் படிச்சு முடிச்ச பொண்ணு. அவளோட போன் நம்பர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் அதில் இருக்கு.

எப்படி எழுதித் திருத்துறது? இந்த வேலை எனக்கு உண்மையாவே வேணும்.

தாம்பரம் 21ஜி | 11 ஆகஸ்ட், இரவு 11.18

ஜிமெயில்ல அன்டூ இருக்கே, அத அழுத்துங்க. இல்லன்னா புதுசா ஒரு மெயில், சரியான ரெஸ்யூமோட, எதுவும் சொல்லாம அனுப்பிடுங்க. எச்.ஆர். லேட்டஸ்ட் மெயிலத்தான் பாப்பாங்க. தப்ப நீங்களே எதுக்கு காட்டிக் குடுக்கணும்?

கோவை கணக்கு | 11 ஆகஸ்ட், இரவு 11.31

அன்டூ சும்மா விட்டா 5 நொடிதாங்க. செட்டிங்ஸில் கூட்டினாலும் 30 நொடிக்கு மேல போகாது. ரெண்டு மணி நேரம் ஆகப்போகுது.

எதுவும் சொல்லாம இன்னொண்ணு அனுப்புறதும் யோசிச்சேன். ஒரே முகவரியிலிருந்து ரெண்டு மடல், ரெண்டிலும் வேற வேற பொண்ணு பெயர். படிக்கிறவங்க என்னன்னு எடுத்துக்குவாங்க? அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் விண்ணப்பிச்சிருக்காங்கன்னுதானே?

ஓசூர் எச்.ஆர். | 12 ஆகஸ்ட், காலை 6.50

நீங்கள் கேட்டதுதான் சரியான கேள்வி. பன்னிரண்டு வருடமாக ஆட்கள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், எங்கள் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

நடுத்தர நிறுவனங்களில் மடலை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. ஜூனியர் ஒருவர் காலையில் இணைப்புகளை எல்லாம் ஒரே ஃபோல்டரில் இறக்கிவிடுவார். பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து எக்ஸெல் ஷீட்டில் ஏற்றுவார்: பெயர், போன், அனுபவம், இப்போதைய சம்பளம், நோட்டீஸ் பீரியட். எல்லாமே ரெஸ்யூமிலிருந்து எடுப்பவை. மேலாளர் கைக்குப் போவது அந்த ஷீட்டும் அச்செடுத்த ரெஸ்யூம்களும்தான். நீங்கள் மடலில் எழுதிய ஆறு வருடம் ஃபோல்டருக்குள் வராது.

அதனால் சும்மா இரண்டாவது மடல் போட்டால் ஷீட்டில் இரண்டு வரிசை விழும். உங்கள் தங்கை பெயரில் ஒன்று, உங்கள் பெயரில் ஒன்று. முதல் வரிசையைத் தூக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லையே. திருத்த மடல் இரண்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: எந்தக் கோப்பை எடுத்துக்கொள்வது, எந்தக் கோப்பை எடுத்து வீசுவது. பெரும்பாலானவர்கள் முதலாவதை மட்டும் எழுதுகிறார்கள்.

புது மடல் வேண்டாம். அனுப்பிய மடலைத் திறந்து அதற்கே பதில் போடுங்கள். பொருள் வரியில் ஒரு எழுத்தையும் மாற்றாதீர்கள், மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். காலை ஒன்பதுக்குள் போய்விட்டால் அநேகமாக இரண்டையும் ஒன்றாகத்தான் பார்ப்பார்கள்.

கோவை கணக்கு | 12 ஆகஸ்ட், காலை 7.15

ரொம்ப நன்றிங்க. நான் எழுதி வெச்சிருக்கிறது இது. ஆங்கிலத்தில்தான் அனுப்பப்போறேன், இங்கே தமிழில் போடுறேன்.

> மதிப்பிற்குரிய ஐயா, நேற்று இரவு நான் அனுப்பிய விண்ணப்பத்தில் மிகப் பெரிய தவறு நேர்ந்துவிட்டது. இதற்காக மனதார மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வழக்கமாக நான் மிகவும் கவனமாக வேலை செய்பவள். நேற்று மாதக் கணக்கு தாக்கல் செய்யும் கடைசி நாள் என்பதால் மிகவும் களைப்பாக இருந்தேன். தயவுசெய்து இதை என் வேலைத்திறனுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியான ரெஸ்யூமை இணைத்துள்ளேன். மீண்டும் மன்னிக்கவும்.

ஓசூர் எச்.ஆர். | 12 ஆகஸ்ட், காலை 7.32

இதில் எனக்கு வேண்டிய வரி ஒன்றே ஒன்று, கடைசிக்கு முந்தையது. அதற்கு வருவதற்குள் ஐந்து வரி படித்துவிட்டேன். எந்தக் கோப்பு தவறு என்பது எங்கேயும் இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். "என் வேலைத்திறனுக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்" என்று நீங்கள் எழுதும்வரை அந்த எண்ணமே எனக்கு வந்திருக்காது. கடைசி நாள், களைப்பு என்று எழுதினால், சீனியர் அக்கவுண்டன்ட் வேலையில் மாதா மாதம் கடைசி நாள் வருமே என்றுதான் மேலாளர் நினைப்பார். காரணமே வேண்டாம். நடந்தது, சரியான கோப்பு, பழையதை என்ன செய்வது. முடிந்தது.

தங்கையின் பெயரை மடலில் எழுதாதீர்கள். கோப்புப் பெயரைச் சொன்னாலே ஃபோல்டரில் தேடி எடுத்துவிடலாம்.

கோவை கணக்கு | 12 ஆகஸ்ட், காலை 8.05

திருத்தி அனுப்பிட்டேன். போனது இதுதான்:

> வணக்கம். நேற்று இரவு 9.40-க்கு அனுப்பிய மடலில், என் ரெஸ்யூமுக்குப் பதிலாக வேறொருவருடைய கோப்பு (DOC-20250809-WA0014.pdf) இணைந்துவிட்டது. என் ரெஸ்யூமை இத்துடன் இணைத்திருக்கிறேன். சீனியர் அக்கவுண்டன்ட் பணிக்கு இதை எடுத்துக்கொள்ளவும். முந்தைய கோப்பிலுள்ளவர் இந்தப் பணிக்கு விண்ணப்பிக்கவில்லை. அந்தக் கோப்பை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கீழே பெயர், போன் நம்பர். கோப்புக்கு என் பெயரோடு பதவியையும் சேர்த்துப் பெயர் வெச்சேன். ஒரு "மன்னிக்கவும்" போடலாமான்னு கை போச்சு. போடல.

பஸ்ஸில் வரும்போது ஒண்ணு தோணிச்சு. ஜிஎஸ்டிஆர்-1-இல் ஒரு இன்வாய்ஸ் தப்பாப் போயிட்டா, அந்த மாசத்து வரிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி போடுறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டிஆர்-1ஏ-ங்கிற படிவத்தில் திருத்துறோம். போன வருஷம் ஆகஸ்ட்டிலிருந்து அந்த வசதி இருக்கு. அதில் எந்த இன்வாய்ஸ், திருத்தின விவரம் என்னன்னுதான் கேக்கும். ஏன் தப்பு பண்ணினேன்னு எழுத அதில் கட்டமே கிடையாது. இதை மாசா மாசம் செய்யுற நான், நேத்து ராத்திரி ஒரு ரெஸ்யூமுக்குத் தூங்காம இருந்தேன்.

தாம்பரம் 21ஜி | 12 ஆகஸ்ட், காலை 9.40

சரி, சொல்லாம அனுப்பச் சொன்னது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா ஒண்ணு, பழைய வெர்ஷன் போயிருந்தா நான் சொன்ன மாதிரியே செய்யலாம்ல? நம்ம ரெஸ்யூமேதான், ரெண்டு வருஷம் பழசு, அவ்ளோதான்.

அப்புறம் என் கதைய கேளுங்க. நான் ஒரு தடவ இதே மாதிரி திருத்தி அனுப்பறப்போ ரிப்ளைக்கு பதிலா ஃபார்வர்ட் அழுத்திட்டேன். ஃபார்வர்டுல பழைய அட்டாச்மென்ட்டும் ஒட்டிக்கினே போவும். சரியானதும் தப்பானதும் ஒண்ணாப் போச்சு. அத திருத்த மூணாவது மெயில். அந்த கம்பெனில இருந்து இன்னி வரைக்கும் பதில் இல்ல.

கோவை கணக்கு | 12 ஆகஸ்ட், மதியம் 1.20

நானும் ஃபார்வர்டைத்தான் முதல்ல அழுத்தினேன்! கீழே DOC-ன்னு பெயர் தெரிஞ்சதும் கலைச்சுட்டு ரிப்ளைக்குப் போனேன். இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். ரிப்ளையில் பழைய இணைப்பு வராது, ஃபார்வர்டில் வரும்.

ஓசூர் எச்.ஆர். | 12 ஆகஸ்ட், மாலை 6.10

21ஜி, பழைய வெர்ஷன் போனால் இன்னும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆள், இரண்டு ரெஸ்யூம். ஒன்றில் "மார்ச் 2022 முதல் இன்றுவரை" என்று ஒரு நிறுவனம், அடுத்ததில் அதே நிறுவனம் "மார்ச் 2022 முதல் ஜூன் 2024 வரை". விளக்கம் இல்லாமல் இரண்டும் கையில் இருந்தால் தேதியை மாற்றி எழுதுகிறார் என்றுதான் சந்தேகம் வரும். "முன்பு அனுப்பியது 2023-இல் எழுதியது; ஜூன் 2024-இல் வேலை மாறியது இதில் சேர்ந்திருக்கிறது" என்று ஒரு வரி இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

எழுத்துப்பிழை திருத்தியது, வரியைக் கொஞ்சம் அழகாக மாற்றியது மாதிரி விஷயத்துக்குத் திரும்ப அனுப்பவே வேண்டாம். எங்களுக்கு அது கூடுதல் வேலை மட்டும்தான்.

குரூப்4 கனவு | 13 ஆகஸ்ட், காலை 10.15

எனக்கும் இதே பிரச்சினை நண்பர்களே. டிஎன்பிஎஸ்சி விண்ணப்பத்தில் சான்றிதழ் மாற்றிப் பதிவேற்றிவிட்டேன். ஓசூர் சார் சொன்ன மாதிரி ஆணையத்துக்கு மடல் அனுப்பினால் மாற்றிக்கொள்வார்களா? கோப்பை நீக்கச் சொல்லி எழுத வேண்டுமா?

கோவை கணக்கு | 13 ஆகஸ்ட், காலை 10.40

இல்லைங்க, அது வேற. தேர்வாணையத்தில் மடல் போட்டு மாத்துற வழக்கம் இல்ல. உங்க அறிவிக்கையில் கடைசித் தேதிக்கு அப்புறம் விண்ணப்பத் திருத்தத்துக்குன்னு நாள் கொடுத்திருக்காங்களா பாருங்க. அந்த நாட்களுக்குள்ள நீங்களே உள்ளே போய்த்தான் மாத்தணும். இன்னைக்கே பாருங்க, அந்த நாட்கள் ரொம்பக் குறைவு. என் மாமா பையன் நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விட்டு கோட்டை விட்டான்.

ஓய்வுபெற்ற சூப்பிரண்டு | 13 ஆகஸ்ட், மாலை 5.30

முப்பத்தொரு ஆண்டுகள் அலுவலகத்தில் தபால் பிரிவையும் பணியமைப்புப் பிரிவையும் பார்த்தவன். இரண்டு விஷயங்கள் சொல்ல விரும்புகிறேன், அம்மா.

ஒன்று. எங்கள் காலத்தில் கடிதத்தின் அடியில் "இணைப்பு: தன்விவரக் குறிப்பு, 2 பக்கங்கள்" என்று எழுதாமல் எந்தக் கடிதமும் வெளியே போகாது. பெறுபவர் எண்ணிப் பார்ப்பார், குறைந்தாலோ மாறியிருந்தாலோ அவரே கேட்பார். அந்த ஒரு வரியை எழுதும்போது அனுப்புபவரும் கடைசியாக ஒருமுறை இணைப்பைப் புரட்டிப் பார்த்துவிடுவார். இன்றைய மடலில் அந்த வரி காணாமல் போய்விட்டது.

இரண்டு. மடல் மட்டும் போதாது. தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள்.

கோவை கணக்கு | 13 ஆகஸ்ட், இரவு 9.00

ஐயா, இணைப்பு வரி விஷயம் அருமை, இனிமேல் எழுதுவேன். போன் பண்றதில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவங்க விளம்பரத்தில் மடல் முகவரி மட்டும்தான் கொடுத்திருக்காங்க. தேடிப்பிடிச்சுக் கூப்பிட்டா தொந்தரவா நினைப்பாங்க. எழுத்தில் தெளிவா இருக்கு, அது போதும்னு விட்டுடுறேன்.

கோவை கணக்கு | 14 ஆகஸ்ட், மதியம் 12.50

நேத்து ஐயாவுக்கு எழுதின பதிலை வாபஸ் வாங்கிக்கிறேன்.

காலையில் பதினொண்ணரைக்கு அந்த நிறுவனத்திலிருந்து தங்கச்சிக்கு போன் போயிருக்கு. "சீனியர் அக்கவுண்டன்ட் வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கீங்க, அனுபவம் ஒண்ணுமே போடலையே"ன்னு கேட்டிருக்காங்க. அவளுக்கு ஒண்ணும் புரியல. நான் இதுவரைக்கும் அவகிட்ட சொல்லவே இல்ல. நிறுவனத்துக்குச் சொல்லணும்னு ராத்திரியெல்லாம் யோசிச்சேன், யாரோட நம்பரும் முகவரியும் வெளியே போச்சோ அவகிட்ட சொல்லணும்னு தோணவே இல்ல. இந்த மூணு நாளில் நான் செஞ்ச பெரிய தப்பு அதுதான். ரெஸ்யூம் மாறிப்போனதைவிடப் பெருசு.

நல்ல வேளை, அவ பதறாம "நான் அப்ளை பண்ணலைங்க, எங்கிருந்து என் நம்பர் கிடைச்சது"ன்னு கேட்டிருக்கா. மடல் முகவரியை வாசிச்சிருக்காங்க. "அது எங்கக்கா முகவரிங்க, அவங்கதான் அப்ளை பண்ணியிருப்பாங்க"ன்னு சொல்லிட்டு உடனே எனக்குக் கூப்பிட்டா. மன்னிப்புக் கேட்டேன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா"ன்னா. வேற ஒண்ணும் சொல்லல.

அவளுக்கு வந்த நம்பருக்கே நான் திரும்பக் கூப்பிட்டேன். எடுத்தவங்க ஷீட்டு போடுறவங்க. 11-ஆம் தேதி ராத்திரி வந்த மடல்களை மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்னாடியே இறக்கிட்டாங்களாம். என் பதில் அதுக்கப்புறம் வந்ததால் மடல்பெட்டியிலேயே கிடந்திருக்கு. "எட்டு ஐந்துக்கு ஒரு பதில் இருக்குங்க, அதிலிருக்கிற கோப்புதான் என்னோடது, பழைய வரிசையை எடுத்துடுங்க"ன்னு சொன்னேன். நான் லைனில் இருக்கும்போதே மாத்தினாங்க. ஒரு நிமிஷம்கூட ஆகல. தொந்தரவா நினைச்ச மாதிரியே தெரியல.

ஓய்வுபெற்ற சூப்பிரண்டு | 14 ஆகஸ்ட், பிற்பகல் 3.15

தங்கையிடம் நேரில் போய் ஒரு முறை பேசிவிடுங்கள் அம்மா.

ஓசூர் எச்.ஆர். | 14 ஆகஸ்ட், இரவு 8.45

காலை ஒன்பதுக்குள் போனால் போதும் என்று நான் சொன்னது எங்கள் அலுவலக நேரத்தை வைத்து. மில், ஏற்றுமதி நிறுவனங்களில் ஏழரைக்கே ஆள் வந்துவிடுவார்கள் என்பதை யோசிக்கவில்லை. உங்களை உடனே அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனாலும் எல்லாரும் போன் செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டேன். ஒரு வேலைக்கு நானூறு விண்ணப்பம் வரும் இடத்தில் ஆளுக்கொரு போன் வந்தால் வேலை ஓடாது. இன்னொருவரின் விவரம் போய்விட்டது என்றால் கூப்பிடுங்கள். பழைய வெர்ஷன் என்றால் மடல் போதும். சூப்பிரண்டு ஐயா இதை ஒப்புக்கொள்ள மாட்டார் என்று தெரியும்.

ஓய்வுபெற்ற சூப்பிரண்டு | 15 ஆகஸ்ட், காலை 9.10

ஒப்புக்கொள்ளவில்லைதான்.

தாம்பரம் 21ஜி | 15 ஆகஸ்ட், காலை 11.25

லீவு நாள், ஒரு சந்தேகம். மெயிலே இல்லாம லிங்க்ட்இன்ல ஈஸி அப்ளை குடுத்தா? அதுல சப்மிட் ஆயிட்டா மாத்தவே முடியல. போன மாசம் அப்படித்தான் ஒண்ணு போச்சு.

ஓசூர் எச்.ஆர். | 15 ஆகஸ்ட், பகல் 12.40

ஈஸி அப்ளையில் கொடுத்த பிறகு உங்கள் பக்கத்திலிருந்து கோப்பை மாற்ற வழியில்லை. வேலையைப் பதிந்தவர் பெயர் தெரிந்தால் அவருக்குச் செய்தி அனுப்பலாம். அதிலும் கோவை கணக்கு எழுதிய மாதிரி நாலு வரிதான்.

நிறுவனத்தின் சொந்த தளம் என்றால் உள்ளே போய்ப் பாருங்கள். சிலவற்றில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்று மறுபடி கொடுக்கலாம். ஆனால் திரும்பப் பெற்றவரை அதே வேலைக்கு மறுபடி ஏற்காத தளங்களும் உண்டு. நான் என்றால் திரும்பப் பெறும் பொத்தானை அழுத்துவதற்கு முன் எச்.ஆருக்கு எழுதிக் கேட்பேன். என் நண்பர் ஒருவர், அவரும் இதே துறை, "கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் தேதி முடிந்துவிடும், எடுத்துவிட்டு மறுபடி போடு" என்பார். இதில் எங்களுக்குள் முடிவு வந்ததே இல்லை.

கோவை கணக்கு | 18 ஆகஸ்ட், இரவு 8.30

இன்னைக்கு நேர்காணல் போயிட்டு வந்தேன்.

ரெஸ்யூம் மாறினதைப் பத்தி யாரும் பேசவே இல்ல. வங்கிக் கணக்கு ஒத்திசைவு, ஏற்றுமதி ரீஃபண்டு, டாலியில் அந்நியச் செலாவணி வித்தியாசத்தை எப்படிப் போடுவேன், இதுதான் கேட்டாங்க.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. மேலாளர் என் கோப்பை குரோமில் திறந்து திரையை என் பக்கம் திருப்பினார். மேலே டேபில் கோப்புப் பெயர் வரல, வேற ஒருத்தர் பெயர் இருந்தது. என் பழைய ஆபீஸ் சீனியர் அக்கா. அவங்க கொடுத்த வேர்டு கோப்பில்தான் ஆறு வருஷமா என் ரெஸ்யூமை எழுதிட்டிருக்கேன். அவர் "இது யாருங்க"ன்னார். "இந்த மாதிரிக் கோப்பு அவங்க கொடுத்ததுங்க, அவங்க பெயர் உள்ளே தங்கியிருக்கு, உள்ளே இருக்கிறதெல்லாம் என்னோடது"ன்னேன். தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டார். போன வாரம்னா எனக்கு வார்த்தை வந்திருக்காது.

அப்போ தங்கச்சி கோப்பிலும் அந்த அக்கா பெயர்தானே இருக்கும்?

ஓசூர் எச்.ஆர். | 18 ஆகஸ்ட், இரவு 9.20

இருக்கும். நகல் எடுத்து எழுதும்போது கோப்பின் தலைப்பு அப்படியே கூட வரும். வேர்டில் `File > Info` போனால் வலது பக்கம் `Title`, `Author` இருக்கும். இரண்டையும் மாற்றிவிட்டுப் பிறகு பி.டி.எஃப். எடுங்கள். எடுத்ததை குரோமில் திறந்து டேபில் என்ன பெயர் வருகிறது என்று பாருங்கள். கோப்புக்குப் புதுப்பெயர் வைத்தால் மட்டும் இது மாறாது.

கோவை கணக்கு | 20 ஆகஸ்ட், இரவு 10.10

3பி போட்டாச்சு. வேலை விஷயம் இன்னும் ஒண்ணும் சொல்லல, இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்றோம்னாங்க.

ஞாயித்துக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போறேன். தங்கச்சி ரெஸ்யூமில் தலைப்பை மாத்திக் கொடுக்கணும். பிறந்த தேதி, அப்பா பெயர், கதவு எண் மூணையும் எடுத்துட்டு ஊர் பெயரை மட்டும் விடலாம்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். எந்த எச்.ஆரும் முதல் சுத்தில் கதவு எண் கேக்கப் போறதில்ல. அவ இன்னைக்கு மதியம் ஒரு கம்பெனிக்கு அனுப்புற மடலை முதல்ல எனக்கு அனுப்பிக் காட்டினா. கடைசி வரி: "இணைப்பு: ரெஸ்யூம், 1 பக்கம்." திறந்து பார்த்தேன், அவளோடதுதான், ஒரு பக்கம்தான்.